மழை பெய்தது, மழைப் பெய்யவில்லை: பிழைதிருத்தி போடும் கோட்டை மதிப்பிடுவது எப்படி

வன்னியில் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளருக்கு ஆண்டு முழுவதும் கடிதம் எழுதும் வேலை இருக்கும். வாய்க்கால் துப்புரவு, உர மானியம், யானை வேலி, பழுதான துருசு என்று விடயம்தான் மாறும். அந்தக் கடிதங்கள் இப்போது கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தட்டப்படுகின்றன. தட்டி முடிக்குமுன்பே சொற்களின் கீழ் சிவப்பிலும் நீலத்திலும் கோடுகள் விழுகின்றன. கோட்டின்மேல் சொடுக்கினால் ஒரு மாற்றுச் சொல் வருகிறது. அதை ஏற்பதா, விடுவதா என்பதை எழுதுகிறவர் அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றால் சரியாக இருந்த வாக்கியம் பிழையாகும். எல்லாவற்றையும் விட்டால் உண்மையான பிழை கடிதத்தோடு போய்விடும்.

ஒரு சிறு கடிதத்தை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக எழுதிய கடிதம் இது. இதில் மூன்று பிழைகள் இருக்கின்றன.

> ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் அவர்களுக்கு,
>
> முத்தையன்கட்டுக் குளத்து நீரில் சிறுபோகம் செய்யும் கமக்காரர் சார்பில் எழுதுகிறோம். மார்கழியில் மழை பெய்து குளம் வான் பாய்ந்தது. ஆனாலும் துருசு பழுதடைந்ததால் கடைசி வயல்களுக்கு தண்ணீர் வந்து சேரவில்லை. இரவில் யானை புகுந்து வாய்க்கால் கறையை உடைத்திருக்கிறது. குடிதண்ணீர் எடுக்கும் கிணறுகளும் வற்றுகின்றன. அரிவு வெட்டு தொடங்குவதற்கு முன் துருசை திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் பார்க்கும் கருவி ஒன்று இதில் பத்து இடங்களுக்கு மேல் கோடு போடக்கூடும். ‘மழைப் பெய்து’, ‘யானைப் புகுந்து’, ‘குடித்தண்ணீர்’, ‘அறிவு’, ‘வெட்டுத் தொடங்குவதற்கு’, ‘ஒட்டுச்சுட்டான்’, ‘பிரதேசச் செயலாளர்’ என்றெல்லாம் மாற்றச் சொல்லலாம். ‘வயல்களுக்குத் தண்ணீர்’, ‘துருசைத் திருத்தி’ என்றும் சொல்லும். கடைசி இரண்டும் சரி. மற்றவற்றில் ஒன்றைக்கூட அப்படியே ஏற்க முடியாது. மூன்றாவது பிழையில் அது கோடே போடாது.

இந்தப் பட்டியலில் சரியும் பிழையும் ஏன் இப்படிக் கலந்து கிடக்கின்றன என்று தெரிந்தால், எந்தக் கோட்டையும் சில நொடிகளில் மதிப்பிடலாம்.

கருவி பார்ப்பது ஈற்றை

தமிழில் ஒற்று மிகுமா மிகாதா என்பதை விதிவழி நடக்கும் ஒரு கருவி எப்படி முடிவு செய்கிறது? முதற் சொல் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்க்கிறது. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் நடுவில் ஒற்றைப் போடச் சொல்கிறது. ‘துருசை திருத்தி’ என்பதில் முதற் சொல் ஐகாரத்தில் முடிகிறது, அடுத்தது தகரத்தில் தொடங்குகிறது. அந்த ஐ இரண்டாம் வேற்றுமை உருபு. உருபு வெளிப்பட்டு நின்றால் ஒற்று கட்டாயம் மிகும். ஆகவே ‘துருசைத் திருத்தி’ என்ற பரிந்துரை சரி. நான்காம் வேற்றுமைக் ‘கு’ உருபும் அப்படியே. ‘வயல்களுக்குத் தண்ணீர்’ என்றுதான் எழுத வேண்டும். இந்த இரண்டு உருபுகளையும் கருவிகள் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. ஐகாரத்திலோ ‘கு’விலோ முடியும் சொல்லின் பின் கோடு விழுந்து, அங்கே நிற்பது உருபுதான் என்று உங்களுக்கு உறுதியானால் யோசிக்காமல் ஏற்கலாம்.

‘மழை’யும் ஐகாரத்தில்தான் முடிகிறது. ‘யானை’யும் அப்படியே. அந்த ஐ உருபு அல்ல, சொல்லின் சொந்த உடம்பு. ‘கதவை’ என்பதில் உள்ள ஐயும் ‘மழை’ என்பதில் உள்ள ஐயும் திரையில் ஒரே குறி. சொல்லைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்த நல்ல கருவி ‘கதவு + ஐ’ என்றும் ‘மழை’ என்றும் பிரித்து அறியும். அதோடு சிக்கல் தீராது. ‘மழைக்காலம்’ என்பதில் ஒற்று மிகுகிறது, ‘மழை பெய்தது’ என்பதில் மிகவில்லை. முதற் சொல் ஒன்றே, ஈறும் ஒன்றே. மாறியது இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள உறவு.

நன்னூல் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. புணர்ச்சியை அது முதலில் வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு முன் எது மிகும் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அதாவது இலக்கணம் உறவை முதலில் கேட்கிறது, ஈற்றைப் பிறகு கேட்கிறது. ஈற்றிலிருந்து தொடங்கும் கருவி உறவை ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் தவறும்போதுதான் ‘மழைப் பெய்தது’ பிறக்கிறது. பெருந்தொகை எழுத்தைப் படித்துப் பழகிய கருவிக்கும் இதே இடத்தில் கால் இடறும், காரணம் மட்டும் வேறு. இணையத்தில் பலர் ‘வேலைச் செய்தார்’, ‘மழைப் பெய்தது’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடிக்கடி கண்டதை அது சரி என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு யானையை வைத்து

‘யானை’ என்ற ஒரே சொல்லை எடுத்து ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தால் சோதிக்கும் முறை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

‘யானை புகுந்தது.’ யார் புகுந்தது? யானை. அது எழுவாய். எழுவாயின் பின் ஒற்று மிகாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முதற் சொல்லோடு ‘ஆனது’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘யானையானது புகுந்தது’ என்று பொருள் கெடாமல் வந்தால் அது எழுவாய், கருவி சொல்லும் ஒற்றை விட்டுவிடலாம். ‘மழையானது பெய்தது’, ‘அரிவு வெட்டானது தொடங்கியது’ என்றும் வரும். ஆகவே கடிதத்தில் உள்ள ‘மழை பெய்து’, ‘யானை புகுந்து’, ‘வெட்டு தொடங்குவதற்கு’ மூன்றும் எழுதியபடியே சரி. ‘வெட்டு’ என்ற சொல்லில் கருவி தடுமாற இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வன்தொடர்க் குற்றியலுகரம். ‘வெட்டுக்காயம்’, ‘பாட்டுப் புத்தகம்’ போன்ற இடங்களில் அந்த ஈற்றின் பின் ஒற்று மிகும். ‘பாட்டு தொடங்கியது’ என்று எழுவாயாக நின்றால் மிகாது.

‘யானைக் கூட்டம்.’ இங்கே ‘யானையானது கூட்டம்’ என்று சொல்ல முடியாது. ‘யானைகளின் கூட்டம்’ என்றுதான் விரிகிறது. ஆறாம் வேற்றுமை மறைந்து நிற்கிறது, அஃறிணைப் பெயர், ஆகவே மிகும். ‘யானைத் தந்தம்’ இதே வகை.

‘யானை பிடித்தார்கள்.’ இது கொஞ்சம் நுணுக்கமான இடம். பொருள் ‘யானையைப் பிடித்தார்கள்’ என்பதே. ஆனால் ஐ மறைந்துவிட்டது. இரண்டாம் வேற்றுமை உருபு மட்டும் மறைந்து, அடுத்து வினைச்சொல் நேரடியாக வந்தால் ஒற்று மிகாது. ‘தமிழ் படித்தார்’, ‘வேலை செய்தார்’, ‘கதை சொன்னார்’ எல்லாம் இப்படித்தான். கருவிகள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இதுவாக இருக்கலாம். ‘வேலைச் செய்தார்’ என்ற பரிந்துரை எத்தனை முறை வந்தாலும் எடுக்கக்கூடாது. ஐயை வெளியே கொண்டுவந்தால், அதாவது ‘வேலையைச் செய்தார்’ என்று எழுதினால், ஒற்று வேண்டும். ஐ தெரிந்தால் மிகும், ஐ மறைந்து வினை வந்தால் மிகாது என்று நினைவில் வைத்தால் போதும்.

‘யானைப் பாகன்.’ இங்கும் ஐ மறைந்திருக்கிறது. ஆனால் அடுத்து வருவது பெயர்ச்சொல். ‘யானையை நடத்தும் பாகன்’ என்று விரிக்கும்போது உருபோடு ‘நடத்தும்’ என்ற சொல்லும் மறைந்திருப்பது தெரிகிறது. உருபும் பயனும் சேர்ந்து மறைந்தால் ஒற்று மிகும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் யானையைத் திறையாகக் கொடுத்தார்கள். அதைச் சுருக்கி ‘யானைத் திறை’ என்றால் தகர ஒற்று வேண்டும். ‘யானை கொடுத்தார்கள்’ என்றால் வேண்டாம்.

‘யானை குதிரை.’ இரண்டையும் ‘உம்’ போட்டு விரிக்கலாம்: ‘யானையும் குதிரையும்’. அப்படி விரிந்தால் உம்மைத்தொகை, ஒற்று மிகாது. ‘செடி கொடி’, ‘இரவு பகல்’, ‘காணி பூமி’ எல்லாம் இதில் அடங்கும். ‘செடி’ இகரத்தில் முடிகிறது. ‘ஓடிப் போனான்’, ‘தேடிக் கண்டார்’ என்று இகர ஈற்று வினையெச்சத்தின் பின் ஒற்றுப் போட்டுப் பழகிய கருவி ‘செடிக் கொடி’ என்று கேட்கும். ‘செடியும் கொடியும்’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொன்னால் முடிவு கிடைத்துவிடும்.

ஆகவே ஒற்றுக் கோடு விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரு சொற்களையும் விரித்துச் சொல்லுங்கள். ‘ஆனது’ பொருந்துகிறதா, ‘உம்’ பொருந்துகிறதா, மறைந்த ஐயின் பின் வினை வருகிறதா என்று பாருங்கள். இவற்றில் எது பொருந்தினாலும் ஒற்று வேண்டாம். விதியின் பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் தமிழ் பேசுகிறவருக்கு விரித்துச் சொல்ல வரும்.

‘குடிதண்ணீர்’ என்பதற்கு இன்னொரு விரிப்பு வேண்டும். கருவி ‘குடி’ என்பதை இகர ஈற்றுச் சொல்லாகக் கண்டு ‘குடித்தண்ணீர்’ என்கிறது. ஆனால் அந்தச் சொல் ‘குடித்த, குடிக்கின்ற, குடிக்கும் தண்ணீர்’ என்று மூன்று காலத்துக்கும் விரியும். அது வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று ஒருபோதும் மிகாது. ‘ஊறுகாய்’, ‘சுடுசோறு’ என்று எழுதும்போது யாரும் ஒற்றுப் போடுவதில்லை. இதில் ஒற்று பொருளையே மாற்றிவிடும் இடமும் உண்டு. ‘நடுகல்’ என்றால் இறந்தவர் நினைவாக நட்ட கல். ‘நடுக்கல்’ என்றால் நடுவில் உள்ள கல். நினைவுக்கல் பற்றிய கட்டுரையில் கருவியின் பேச்சைக் கேட்டு ஒரு ககர ஒற்றை ஏற்றுவிட்டால், படிப்பவர் வேறொரு கல்லைப் பற்றிப் படிப்பார்.

வினையெச்சத்திலும் ஒரு சொல். ‘பெய்து குளம்’, ‘வந்து சேரவில்லை’ என்பவற்றில் ஒற்று இல்லை. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதில் இருக்கிறது. மூன்றும் உகரத்தில் முடியும் எச்சங்களே. உகரத்துக்கு முந்திய ஒலியைக் கேளுங்கள். ‘கேட்டு’, ‘எடுத்து’, ‘பார்த்து’ என்று வல்லொற்று அழுத்தினால் மிகும். ‘வந்து’ என்று மெல்லொற்றோ ‘பெய்து’ என்று இடையொற்றோ வந்தால் மிகாது. இது ஒலியைப் பொறுத்த விதி என்பதால் கருவிகள் இதை நன்றாகவே செய்கின்றன. இங்கே கோடு விழுந்தால் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் பிழை இருக்கும்.

அரிவும் அறிவும்

இதுவரை சொன்னது இரண்டு சொற்களுக்கு இடையில் விழும் கோடு. தனிச் சொல்லின் கீழ் விழும் சிவப்புக் கோடு வேறு வகை. அங்கே கருவி ‘இது பிழை’ என்று கண்டுபிடிக்கவில்லை. ‘இந்தச் சொல் என் பட்டியலில் இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் வன்னிச் சொற்கள் கடிதங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன.

பட்டியலில் இல்லாத சொல்லைக் கண்டதும் கருவி அதற்கு மிக அருகில் உள்ள சொல்லைத் தேடும். அருகில் என்றால் பொருளில் அல்ல, எழுத்தில். ஒரு குறியை மாற்றினாலோ சேர்த்தாலோ நீக்கினாலோ கிடைக்கும் சொற்களில், அதிகம் வழங்குவதை முதலில் காட்டும். ‘அரிவு’ என்பதில் ரகரத்தை மாற்றினால் ‘அறிவு’. அது எங்கும் வழங்கும் சொல். எனவே நெல் அரிவதைச் சொன்ன ‘அரிவு வெட்டு’, ‘அறிவு வெட்டு’ ஆகிறது. இந்தப் பரிந்துரை எழுத்துப்பிழைத் திருத்தம் போலவே தோன்றும். ர, ற மயக்கம் எல்லோருக்கும் வருவதுதானே என்று அவசரத்தில் ஏற்றுவிடத் தோன்றும். ஆகவே தனிச் சொல்லில் கோடு விழுந்தால் முதலில் பரிந்துரையை அந்த வாக்கியத்தில் வைத்து முழுதாகப் படியுங்கள். ‘அறிவு வெட்டு தொடங்குவதற்கு முன்’ என்று படித்தவுடனே அது நிற்காது என்று தெரியும்.

படித்தும் நின்றுவிடும் சொற்கள்தான் ஆபத்தானவை. ‘பாவித்தல்’ என்பது இங்கே பயன்படுத்துதல் என்ற பொருளில் நாள்தோறும் வழங்கும் சொல். தமிழ்நாட்டு எழுத்தை வைத்துக் கட்டிய பட்டியலில் அதன் எல்லா வடிவங்களும் இருக்காது. ‘களைநாசினி பாவித்த வயல்’ என்று எழுதினால் ‘பாதித்த’ என்று மாற்றச் சொல்லலாம். ‘களைநாசினி பாதித்த வயல்’ என்பது இலக்கணப்படி சரியான சொற்றொடர், பொருளும் உண்டு. ஆனால் மருந்தடித்த வயல் என்று சொல்ல வந்தவர், மருந்தால் கெட்ட வயல் என்று சொல்லிவிடுகிறார். இழப்பீட்டுப் படிவத்தில் இது சிறு மாற்றம் அல்ல. பரிந்துரைக்கும் சொல் வேறு வேர்ச்சொல்லிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதே இதற்குக் காவல். ‘பாவி’, ‘பாதி’ என்று வேர் மாறினால் அது எழுத்துத் திருத்தம் அல்ல, சொல் மாற்றம். சொல் மாற்றத்தை எழுதுகிறவர் மட்டுமே செய்யலாம்.

‘துருசு’ இன்னொரு வகை. அகராதிகளில் அந்தச் சொல்லுக்கு மயில்துத்தம் என்ற பொருளும் உண்டு. குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு என்ற பொருள் நம் பக்கத்து வழக்கு. கருவி அதை அறியாத சொல்லாகக் காட்டலாம், அல்லது வேறு பொருளில் அறிந்து கோடிடாமல் விடலாம். ‘வான் பாய்ந்தது’ என்பதும் அப்படித்தான். ‘வான்’ என்றால் அதற்கு ஆகாயம். குளம் நிரம்பி மேலதிக நீர் வழியும் வான் அதற்குத் தெரியாது. கோடு விழவில்லை என்பதால் அது உங்கள் வாக்கியத்தைப் புரிந்துகொண்டது என்று எண்ண வேண்டியதில்லை.

ஒரு சொல் உள்ளூர் வழக்கா, உண்மையில் பிழையா என்று ஐயம் வந்தால் வேறொரு கருவியிடம் கேட்பதில் அதிகப் பயன் இல்லை. இரண்டும் ஒரே வகை எழுத்திலிருந்து சொல் எடுத்திருக்கலாம். அகராதியைத் திறப்பது நல்லது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குச் சொற்கள் தனிக் குறிப்போடு இருக்கின்றன. பழைய சொல்லாக இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தேடலாம். அகராதியில் சொல் இருந்தால், கருவியில் ‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்தி முடித்துவிடுங்கள். ‘ஓகஸ்ட்’, ‘டொக்டர்’ போன்றவையும் இங்கே வழக்கமான எழுத்துமுறைகளே. ‘ஆகஸ்ட்’, ‘டாக்டர்’ என்று மாற்றச் சொன்னால், படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

பெயர்கள்

ஊர்ப்பெயரில் விதிக்கு இடமில்லை. ‘ஒட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம், அடுத்தது சகரம், ஆகவே ‘ஒட்டுச்சுட்டான்’ என்பது விதிப்படி கேட்க நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் ‘ஒட்டுசுட்டான்’. ‘கரைதுறைப்பற்று’ என்ற பிரிவின் பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘கரைத்துறை’ என்று எழுதக் கை போகும், கருவியும் அதையே கேட்கும். மறுபக்கத்தில் ‘வற்றாப்பளை’ என்ற பெயரில் பகர ஒற்று இருக்கிறது. ‘வற்றாத’ என்பதன் ஈறு கெட்டு ‘வற்றா’ என்று நிற்கும் எச்சத்தின் பின் ஒற்று மிகும் என்ற விதியோடு அந்த வடிவம் ஒத்துப்போகிறது. இப்படிச் சில பெயர்கள் விதிக்குள் வரும், சில வராது. விதியை வைத்துப் பெயரைத் திருத்தக்கூடாது.

நிறுவனப் பெயரில் இன்னொரு நுணுக்கம். ‘பிரதேசம்’ என்பதன் மகரம் கெட்டுச் சகரம் வரும்போது ‘பிரதேசச் செயலகம்’ என்பது இலக்கணப்படி சரியான வடிவம். கருவியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர்ப்பலகையிலும் கடிதத் தலைப்பிலும் முத்திரையிலும் ‘பிரதேச செயலகம்’ என்றுதான் இருக்கிறது. முகவரியில் பெயரைப் பெயராகவே எழுத வேண்டும். அந்த அலுவலகத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுங்கள்.

இந்தப் பெயர்களுக்கு ஒவ்வொரு முறையும் கோடு விழாமல் தடுக்க வழி இருக்கிறது. சொந்த அகராதிக் கோப்பில் அவற்றைச் சேர்க்கலாம். தமிழில் இதற்கு ஒரு தடை உண்டு. ‘ஒட்டுசுட்டான்’ என்று சேர்த்தால் அந்த வடிவத்துக்கு மட்டும்தான் கோடு நிற்கும். ‘ஒட்டுசுட்டானில்’, ‘ஒட்டுசுட்டானுக்கு’ என்பவற்றுக்கு மீண்டும் விழும். அடிக்கடி வரும் வேற்றுமை வடிவங்களையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். லிபரே ஆபிஸில் சொந்த அகராதி என்பது வெறும் எழுத்துக்கோப்பு, வரிக்கு ஒரு சொல்:

```
OOoUserDict1
lang: <none>
type: positive
---
ஒட்டுசுட்டான்
ஒட்டுசுட்டானில்
ஒட்டுசுட்டானுக்கு
```

ஒரு அலுவலகத்தில் ஒருவர் இதைச் செய்து வைத்தால் மற்றவர்களின் கணினிக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். சேர்ப்பதற்கு முன் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். பிழையான வடிவம் அதில் ஏறிவிட்டால் பிறகு எவருக்கும் கோடு விழாது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

சில நேரம் கோடு விழுந்த சொல்லும் பரிந்துரைத்த சொல்லும் திரையில் ஒன்றாகவே தெரியும். கருவிக்குப் பைத்தியம் என்று கடந்துபோய்விடுவோம். இங்கே கருவி சொல்வதுதான் சரி. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றும்போது இது நிறைய நடக்கும். ‘கௌரவ’ என்பதில் ‘கௌ’ ஒரு மெய்யும் ஒரு உயிர்க்குறியும் சேர்ந்தது. அதைச் சிலர் ‘கெ’ என்று தட்டிப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டு ‘கெள’ என்று எழுதிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது ‘கெ-ள-ர-வ’. அப்படிச் சேமித்த கோப்பில் ‘கௌரவ’ என்று தேடினால் கிடைக்காது.

அறிவது எளிது. அந்த எழுத்தின் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்துங்கள். ‘க’ மிஞ்சினால் எழுத்து சரியாக இருந்தது. ‘கெ’ மிஞ்சினால் ளகரம் நுழைந்திருந்தது. ‘கொ’, ‘கோ’ எழுத்துகளிலும் இதே சோதனை செய்யலாம். கொம்பும் காலும் தனித்தனியே தட்டப்பட்டிருந்தால் கால் மட்டும் அழிந்து ‘கெ’ அல்லது ‘கே’ மிஞ்சும். அத்தகைய சொல்லை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் தட்டுவது நல்லது.

கோடு விழாத இடம்

கடிதத்தின் மூன்றாவது பிழை இன்னும் அங்கேயே இருக்கிறது. ‘வாய்க்கால் கறையை உடைத்திருக்கிறது’ என்பதில் ‘கரையை’ என்று வந்திருக்க வேண்டும். ‘கறை’ என்பதும் அகராதிச் சொல்லே. ஐ உருபும் சரி, அடுத்து வருவது உகரம் என்பதால் ஒற்றுச் சிக்கலும் இல்லை. எழுத்துப்பிழை பார்க்கும் வாணியோ ஒற்றுப்பிழை பார்க்கும் நாவியோ வேறெந்தக் கருவியோ, சொல்லையும் சந்தியையும் மட்டும் பார்த்தால் இதில் குறை காண வழியில்லை.

இதற்குத் தேடல்தான் வழி. வயல், குளம் பற்றி எழுதும்போது ஒன்றுக்கொன்று மாறிப்போகும் சொற்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான்: கரை, கறை, குளம், குலம், அரை, அறை, ஏரி, ஏறி, வலி, வழி, வளி. கடிதம் முடிந்ததும் Ctrl+F அழுத்தி, அந்த இணைகளில் நீங்கள் எழுத நினைக்காத சொல்லைத் தேடுங்கள். இந்தக் கடிதத்தில் ‘கறை’ என்று தேடினால் ஒரு இடம் கிடைக்கும். ‘அரை ஏக்கர்’ என்று எழுதும் கடிதமானால் ‘அறை’ என்று தேடலாம். கிடைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானைத் தொடக்கூடாது. ‘அறை’யை எல்லாம் ‘அரை’ ஆக்கினால், அதே கடிதத்தில் உள்ள ‘களஞ்சிய அறை’ ‘களஞ்சிய அரை’ ஆகிவிடும், ‘அறைகூவல்’ ‘அரைகூவல்’ ஆகிவிடும். அதற்கு எந்தக் கோடும் விழும் என்று நம்பியிருக்க முடியாது.